குளியலறை ஜன்னல்

விடுதியின் ராத்திரி கிளார்க்குக்கு முதலாளி வைத்திருந்த பேர் தூங்குமூஞ்சி. விடிய விடிய கொட்டக் கொட்ட விழித்திருக்கிறவனுக்கு இப்படி ஒரு பேர். சம்பளம் கொடுக்கிற கை, அது வைத்ததுதான் பேர், என்ன செய்ய.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு அம்மா தனியாக வந்து, ஏழாம் நம்பர் அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கல்யாணமான புதுசில் புருஷனோடு அங்கே தங்கியவராம். அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது.

“உங்க பழைய ரெஜிஸ்டர்ல அவர் கையெழுத்து இருக்கும் தம்பி. வீட்ல இருக்கறதெல்லாம் பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் போட்டது. இது சந்தோஷமா போட்டது. தேடித் தர முடியுமா?”

“தேடறேம்மா. பரண்ல எலி மிச்சம் வச்சிருந்தா உங்களுக்குத்தான்.”

சிரித்துக்கொண்டே மாடிக்குப் போனவர், சுடுதண்ணீரில் துணி அலசிவிட்டுத் திரும்ப இறங்கி வந்தார். மண்டையைப் பிளக்கிறது, வயிற்றையும் புரட்டுகிறது என்றார். பயண அலுப்பு என்று நினைத்து இவன் டிராயரிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தான்.

“இதைப் போட்டுக்கிட்டு, சுடச்சுட குளிச்சா சரியாயிடும்,” என்று அவர் படியேறினார்.

பரணிலிருந்து இறக்கிய ரெஜிஸ்டரை அதற்குப் பிறகுதான் பிரித்தான். கையெழுத்து கிடைத்தே விட்டது. வாலைச் சுழற்றிச் சுழற்றி, பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டு, புது மாப்பிள்ளைக் கையெழுத்தேதான். இவனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுந்தவன் அதற்குக் கீழே இருந்த வரியைப் பார்த்தான். அதே ஏழாம் நம்பர், அடுத்து வந்தவர். வந்த நேரம் இருந்தது, கிளம்பிய நேரம் காலி. ஓரத்தில் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதியிருந்தது.

‘தலைவலி என்றார். மாத்திரை கொடுத்து அனுப்பினேன். கொடுத்திருக்கக் கூடாது. கேஸ் எரியும்போது குளியலறை ஜன்னலைச் சாத்தக் கூடாது.’

பேனாவால் எழுதியிருந்தால் அந்த நாளைய முதலாளி கேள்வி கேட்டிருப்பார். எவனோ ஒரு கிளார்க், மனசு கேட்காமல் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான்.

ஏழாம் நம்பரில் இன்றைக்கும் கேஸ் ஹீட்டர்தான். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் ஹீட்டர், அந்த அறையின் காற்றைத் தின்றுதான் எரியும். ஜன்னல் திறந்திருந்தால் வெளிக்காற்று வரும், தீ நீலமாக எரியும், வம்பில்லை. அடைத்துவிட்டால் காற்றுப் பத்தாமல் அரைகுறையாக எரிந்து விஷவாயுவைக் கக்கும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம் மாதிரி ஒரு மயக்கம். வலி ஒன்றுதான் எச்சரிக்கை, அதையும் மாத்திரை அமுக்கிவிடும். புறா தொல்லை என்று போன வாரம்தான் முதலாளி அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு இடுக்கெல்லாம் பசை வைத்து அடைத்திருந்தார். புண்ணியவான், இரண்டு கம்பி வலை வாங்க மனசு வரவில்லை.

போன் அடித்தான். எடுக்கவில்லை. மாற்றுச்சாவியைத் தூக்கிக்கொண்டு, வாட்ச்மேனையும் கத்திக் கூப்பிட்டபடி ஓடினான். தாழ்வாரத்தில் இருந்த சிலிண்டரைத்தான் முதலில் மூடினான். அறைக் கதவையும் ஜன்னல்களையும் விரியத் திறந்துபோட்டான். குளியலறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது, தட்டினால் பதில் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு பேரும் மோதியதில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. வாளி பக்கத்தில் அவர் சுருண்டு கிடந்தார். துண்டைப் போர்த்தி, மாடி வெளிக்காற்றுக்கு இழுத்து வந்தார்கள். மூச்சு இருந்தது. இவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு விடிய விடிய ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். “இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தா கஷ்டம்,” என்றார் டாக்டர்.

வேலை முடிந்ததும் ரெஜிஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். முதலாளி இதற்குள் மூன்று தடவை போனில் கூப்பிட்டு, கண்ணாடி உடைந்ததா, தாழ்ப்பாள் மட்டும்தானா என்று விசாரித்திருந்தார். கண்ணாடியையும் இனிமேல்தான் உடைக்கப்போவதாகச் சொல்லிவிட்டு இவன் வைத்துவிட்டான்.

அந்த அம்மா கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கீழே இருந்த பென்சில் வரிகளைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

“நீங்க ரெண்டு பேரும் தங்கினப்ப ஜன்னல் சாத்தியிருந்துச்சாம்மா?” என்று கேட்டான்.

“அவரு சாத்த விடலை தம்பி. திருட்டு சிகரெட். எனக்குத் தெரியாம குளியலறையில நின்னு பிடிச்சுட்டு, வாசனை போகட்டும்னு திறந்தே போட்டிருந்தாரு. கண்டுபிடிச்சு, குளிருதுன்னும் சேத்துச் சண்டை போட்டேன்.” முகமூடிக்குள் மூச்சு வாங்கியது. “ஊருக்குத் திரும்பற வரைக்கும் அவரோட நான் பேசவே இல்லை.”