வெட்டுப்பட்ட பத்தி

“அப்போ இது சட்டமே இல்லையாக்கா?”

“இல்லடா. குழுவோட பரிந்துரை.”

“பார்லிமென்ட் குழுன்னு நீதானே எழுதியிருக்கே? பார்லிமென்ட்டை விடப் பெரிய இடம் எது?”

பத்திரிகை அலுவலகத்தின் பார்வையாளர் அறையில் தம்பி அந்தச் செய்தித்தாள் கத்தரிப்பை மேசைமேல் விரித்து வைத்திருந்தான். மடித்து மடித்து அதன் நடுக்கோடு கிழியத் தொடங்கியிருந்தது. தலைப்பு மட்டும் தடித்த எழுத்தில் பளிச்சென்று இருந்தது: ‘நோயுற்ற பெற்றோரைக் கவனிக்க எட்டு வார விடுப்பு’. அதற்குக் கீழே அக்காவின் பெயர். பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் அவள் எழுதிவரும் பத்தி.

அவள் நிதானமாகச் சொல்லிப் பார்த்தாள். அரசு கொண்டுவந்த மசோதாவில் இருந்தது இரண்டே வாரம். அதைக் குழு படித்துப் பார்த்து, எட்டு வாரமாக்குங்கள், அந்த நாட்களில் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று சேருங்கள் என அறிக்கை கொடுத்தது. அரசு அதை ஏற்கலாம், தள்ளலாம். ஏற்றாலும் திருத்தமாகக் கொண்டுவர வேண்டும். இரண்டு அவைகளும் வாக்களிக்க வேண்டும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வர வேண்டும். எந்தத் தேதியிலிருந்து என்று அறிவிக்க வேண்டும்.

“எட்டை விடு. அந்த ரெண்டு வாரம்கூட இன்னும் சட்டமாகல” என்றாள்.

“இவ்வளவு தெளிவா இப்போ சொல்றியே. இதுல எங்க இருக்கு?”

கத்தரிப்பின் அடிமுனையை விரலால் தட்டினான். அங்கே ஒரு மெத்தை விளம்பரத்தின் தலை தெரிந்தது.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவனுக்கு ஒன்பது வருட வேலை. அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனதும், விடுப்புக் கடிதத்தோடு இந்தக் கத்தரிப்பின் நகலையும் இணைத்துக் கொடுத்துவிட்டு அப்பாவோடு இருந்துவிட்டான். ஐந்தாம் நாள், உடனே வேலைக்குத் திரும்பும்படி மேலாளர் கடிதம் அனுப்பினார். இவனோ பதிலுக்கு இன்னொரு நகலை அனுப்பிவைத்தான். இருபதாம் நாள் குற்றச்சாட்டுக் குறிப்பு வந்தது: வேண்டுமென்றே பணிக்கு வராமை. நாளை நான்கு மணிக்கு விசாரணை.

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”

“மூணு தடவை பண்ணேன். ‘மீட்டிங்’னு மெசேஜ் வந்துச்சு. சரி, அதான் எழுதியே வெச்சிருக்காளே, அவகிட்டயே எதுக்குக் கேட்டு நச்சரிக்கணும்னு விட்டுட்டேன்.” லேசாகச் சிரித்தான். “அப்பாவுக்கு வேற பெருமை தாங்கல. பக்கத்துப் படுக்கைக்காரர்கிட்ட எல்லாம், என் பொண்ணு எழுதினதுனாலதான் என் பையன் இங்க உக்காந்திருக்கான்னு சொல்லிக்கிட்டிருந்தார்.”

அந்த மூன்று வாரத்தில் அப்பாவை அவள் பார்த்தது இரண்டே முறை.

“கடைசிப் பத்தியில எல்லாம் இருந்துச்சுடா. இது வெறும் பரிந்துரை, யாரையும் கட்டுப்படுத்தாதுன்னு. விளம்பரம் வந்ததும் பக்கம் போடறவர் அடியிலிருந்து வெட்டிட்டார்.”

“அடப்பாவி! அந்த ஆளை நல்லாக் கேட்டியா?”

இடம் போதாவிட்டால் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். இந்தக் கட்டடத்தில் அது எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள், உயிரான வரியை வாலில் வைக்காதீர்கள் என்று. தெரிந்தும் கடைசியில் வைத்தாள். முதலிலேயே ‘இது சட்டமல்ல’ என்று எழுதினால் கட்டுரையே சப்பென்று போய்விடும் என்று தோன்றியிருந்தது. ஆனால் அது மட்டுமல்ல.

தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒரு பக்க வடிவமைப்பாளரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அதை அப்படியே விட்டுவிடலாம். சுலபம்.

“அவர் மேல தப்பில்ல” என்றாள். “சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்தோட நகலை எனக்கு அனுப்பினாங்க. பாத்தேன். தலைப்பையும் பாத்தேன், கடைசிப் பத்தி இல்லாததையும் பாத்தேன். ஒரு வரியை மேலே சேர்க்க நேரம் இருந்துச்சு. படிக்கறவங்களுக்குப் புரிஞ்சிடும்னு சரின்னு அனுப்பிட்டேன்.”

வெளியே தாழ்வாரத்தில் யாரோ காகிதக்கட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் கத்தரிப்பின் அடிமுனையை மறுபடி பார்த்தான்.

“நாலு நாள் கழிச்சு திருத்தம் போட்டோம்” என்றாள். “ஆறாம் பக்கத்துல. மூணு வரி.”

“அப்பாவுக்கு மருந்து வாங்கப் போற வழியில ஆறாம் பக்கம் படிக்கணும்னு எனக்குத் தோணலைக்கா.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை போலிருந்தது. அவன் கத்தரிப்பைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு மேசையில் கிடந்த வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அவள் பக்கம் மெல்ல நகர்த்தினான்.

“சட்டம் என் பக்கம் இல்லன்னு புரிஞ்சிடுச்சு. நான் திமிரா வீட்ல உக்காரல, நம்பித்தான் உக்காந்தேன்னு மட்டும் அவங்களுக்குக் காட்டணும். இப்போ சொன்னியே, பாத்தும் விட்டுட்டேன்னு. அதை அப்படியே எழுதி, கீழே உன் பேரைப் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறியாக்கா?”