டாக்டர் சொன்ன மூன்று நாள்

எச்.ஐ.வி இருப்பது தெரிந்த நாளிலிருந்து, நான்கு வருஷமாக அந்த லேத் பட்டறைக்காரர் முன்னறையில்தான் படுத்தார். மனைவிக்குத் தொற்று இல்லை. அவள் கை பட்டால்கூட விலகிக்கொள்வார்.

குழந்தை வேண்டுமென்று அவள்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"மாத்திரையை ஒழுங்கா எடுக்கிறீங்க. ஆறு மாசத்துக்கு மேல ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுலதான் இருக்கு. உங்ககிட்டேருந்து அவங்களுக்குத் தொத்தாது. கருமுட்டை வர்ற அந்த மூணு நாள்ல சேர்ந்தாலே போதும்."

அவருக்கு மனசு ஒப்பவில்லை. "விந்தைக் கழுவியே கொடுங்கம்மா," என்றார்.

விந்து நீரிலிருந்து விந்தணுவை மட்டும் பிரித்து, வைரஸ் இல்லையென்று சோதித்து, மெல்லிய குழாயால் அவள் கருப்பைக்குள் விட்டார்கள். அவர் வெளியே யாரோபோல் உட்கார்ந்திருந்தார். கரு தங்கவில்லை.

அடுத்த மாதம், கருமுட்டை வரப்போவதைக் காட்டும் பட்டையில் இரண்டாவது கோடு அழுத்தமாக விழுந்ததும் பட்டறைக்கு போன் செய்தாள்.

"இந்தத் தடவை ஆஸ்பத்திரி வேண்டாங்க. வீட்டுக்கு வாங்க."

"உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"நாலு வருஷமா தனியாக் கிடக்கிறேனே, அது உங்க கண்ணுல படலையா?"

அவர் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். உள்ளறை வாசலில் விருந்தாளிபோலத் தயங்கி நின்றவருக்கு, அவள் தலையணையை நகர்த்தி இடம் விட்டாள்.

அதற்கடுத்த மாதம்தான் கரு தங்கியது. அவளுக்குத் தொற்று இல்லையென்று ரத்தப் பரிசோதனையும் சொன்னது. கர்ப்பத்தை ஊரெல்லாம் சொல்லலாம். தொற்றவில்லை என்ற இந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான், அவர் நோயே தெரியாத ஊரில் ஒருவரும் இல்லை. இரண்டு பேரும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள்.