அக்கா வீட்டு லிங்க்

எங்கள் ஆபீஸில் பத்துப் பேர் உட்கார்ந்து நாள் முழுக்க நட்சத்திரம் போடுகிறோம். ஆன்லைன் கேசினோக்களுக்கு. எது நல்லது, எது நம்பகமானது, எதில் ஜெயித்த பணம் சீக்கிரம் கைக்கு வரும் என்று விமர்சனம் எழுதுகிறோம். எழுதுகிற பத்துப் பேரில் ஒருத்தர்கூட அதில் ஒரு ரூபாய் போட்டு ஆடிப் பார்த்தது கிடையாது. நான் உட்பட. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் ‘அஞ்சு ஸ்டார்’. பட்டியலில் யார் முதலிடம் என்பதை அவர்தான் முடிவு செய்வார். எப்படி? எந்த கேசினோ அதிகக் கமிஷன் தருகிறதோ, அதுதான் முதலிடம். கமிஷனைக் குறைத்தால் அடுத்த நாளே நாலாம் இடத்துக்கு இறங்கும். நேற்று வரை ‘மின்னல் வேகத்தில் பணம்’ என்று நான் எழுதியது இன்று ‘சில சமயம் தாமதம்’ ஆகிவிடும். கேசினோ மாறியிருக்காது, என் வாக்கியம்தான் மாறியிருக்கும்.

எங்கள் பக்கத்தில் இருக்கிற ‘இப்போதே ஆடு’ பட்டனுக்குள் ஒரு லிங்க் இருக்கும். அதை அழுத்திப் போகிறவர் கணினியில் ஒரு சின்ன அடையாளம் ஒட்டிக்கொள்ளும். முப்பது நாள் வரை அது போகாது. அதற்குள் அவர் அங்கே கணக்குத் திறந்தால் அவர் எங்கள் ஆள். அதன்பிறகு அவர் தோற்கிற பணத்தில், கழிவுகள் போக, நூற்றுக்கு நாற்பது எங்களுக்கு. ஒரு மாதம் இல்லை, இரண்டு மாதம் இல்லை, அவர் ஆடுகிற வரைக்கும். அவர் ஜெயித்தால் எங்கள் கணக்கு நஷ்டத்தில் சிவப்பாகிவிடும். யாராவது பெரிதாக ஜெயித்த அன்று அஞ்சு ஸ்டார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருப்பார். இப்படிப்பட்டவர்கள் நடத்துகிற தளத்தின் தலைப்பு: ‘நடுநிலையான ஆலோசனை’. த்தூ.

போன செவ்வாய்க்கிழமை காலை மாதக் கூட்டம். சுவரில் பெரிய திரை. ஒவ்வொரு லிங்க்குக்கும் ஒரு பெயர் வைப்போம், அந்தப் பெயரில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எவ்வளவு தோற்றார்கள் என்று வரிசையாக வரும். வழக்கமாக எழுதுகிற எங்களுக்கு அந்தப் பட்டியலைக் காட்டுவதில்லை, மாசக் கடைசியில் சம்பளத்தோடு எங்கள் பங்கு மொத்தமாக வந்துவிடும். அவரவர் லிங்க்கில் வருகிற கமிஷனில் நூற்றுக்கு அஞ்சு. அன்றைக்கு மட்டும் அஞ்சு ஸ்டாருக்கு உற்சாகம் தாங்கவில்லை, பட்டியலைத் திரையில் போட்டுவிட்டார்.

“யாருப்பா இது, ‘அக்காவீடு’? ஒரே ஒரு ஆளு! ரெண்டே மாசம்! மூணு லட்சம்! இந்த மாதிரி பத்துப் பேரு கிடைச்சா நான் கடையை மூடிட்டுக் கால் நீட்டிப் படுத்துருவேன்.”

அந்தப் பெயரை வைத்தது நான்.

மூன்று மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இருந்தபோது, புதுப் பக்கத்தில் பட்டன் வேலை செய்யவில்லை என்று போன் வந்தது. அத்தானுடைய லேப்டாப்பைத் திறந்து, சோதனைக்கு ஒரு லிங்க் உருவாக்கி, அழுத்திப் பார்த்தேன். எங்கள் ஆபீஸில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு: சோதனையை எப்போதும் ரகசிய விண்டோவில் செய், இல்லாவிட்டால் அடையாளம் ஒட்டிக்கொள்ளும். அன்று அக்கா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவசரத்தில் சாதாரண விண்டோவிலேயே அழுத்திவிட்டேன். விட்டுவிட்டு எழுந்து போனேன். அந்த லிங்க்கை என்னைத் தவிர யாருமே தொட்டதில்லை. அந்தப் பெயரில் ஒரு ஆள் இருக்கிறார் என்றால் அவர் அந்த லேப்டாப்பில் உட்கார்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். அக்காவுக்கு மெயில் பார்ப்பதே எரிச்சல்.

மூணு லட்சம். அக்கா பெண்ணுடைய கல்லூரிக்கு என்று அவர்கள் சேர்த்தது நாலரை லட்சம். வெள்ளிக்கிழமை கட்ட வேண்டும்.

“பத்து நாளா ஆளு அமைதியா இருக்கான்,” என்றார் அஞ்சு ஸ்டார். “நேத்தே கேசினோ மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், நல்ல போனஸா ஒண்ணு அனுப்பச் சொல்லி. திரும்ப வந்துருவான்.”

“அனுப்பாதீங்க சார். அது எங்க அக்கா வீட்டுக்காரர்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நமக்கு யாரு என்னன்னு தெரியாதும்மா. நமக்கு நம்பர்தான் தெரியும். நீயா எதுக்கு அதுக்கு மூஞ்சி வைக்கிற?”

“மூஞ்சி இருக்கு சார்! போன வாரம்கூட என்னை பஸ் ஸ்டாண்டுல கொண்டுவந்து விட்ட மூஞ்சி! ஒரு போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க.”

“நான் என்ன அவரு கையைப் புடிச்சு இழுத்தேனா? வளர்ந்த மனுஷன். பிடிக்கலைன்னா ஆடாம இருக்கட்டும்.” பிறகு சிரித்தார், படுபாவி. “உனக்கும் இதுல பங்கு இருக்குல்ல?”

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது, எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள்.

அத்தான் ஏசி மெக்கானிக். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். நான் போனபோது கதவு திறந்திருந்தது, தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது, அவர் லேப்டாப் முன்னால் பேங்க் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் பச்சை எழுத்து: ‘உங்களுக்காக மட்டும். போடுகிற பணம் இரட்டிப்பு.’

“எவ்வளவு அத்தான் போடப் போறீங்க?”

திடுக்கிட்டுத் திரும்பினார். “ஏய் குட்டி... நீ எங்க இந்த நேரத்துல? சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“மூணு லட்சம் போயாச்சு. மிச்சம் ஒன்றரை. அதையும் போடப் போறீங்களா?”

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

“இன்னைக்கு விட்டதைப் புடிச்சுருவேன். பாரு, ஒன்றரை போட்டா அவங்க ஒன்றரை தர்றாங்க. மூணு ஆயிருச்சுல்ல? வெள்ளிக்கிழமைக்குள்ள—”

“கீழ சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிச்சீங்களா? போனஸைப் போல நாப்பது மடங்கு ஆடி முடிச்சாத்தான் காசை வெளிய எடுக்க முடியும். ஒன்றரையை நாப்பதால பெருக்குங்க. அறுபது லட்சத்துக்கு ஆடணும் அத்தான்! அதுக்குள்ள கையில என்ன மிஞ்சும்?”

“ஜாக்பாட் தம்பி எடுக்கிறானே! நேரலையில நானே பாத்தேன். ஒரே ராத்திரியில எட்டு லட்சம்.”

ஜாக்பாட் தம்பி வீடியோ போடுகிறவன். எங்கள் ஆபீஸுக்கு அடிக்கடி வருவான், ஓசியில் காபி குடிப்பான்.

“அவன் ஆடுறது அவன் காசு இல்ல. கேசினோவே அவன் கணக்குல போட்டுக் குடுக்கிற காசு. ஜெயிச்சாலும் எடுக்க முடியாது, தோத்தாலும் அவனுக்கு நஷ்டம் இல்ல. தோத்த வீடியோவை வெட்டித் தூக்கிப் போட்ருவான். வீடியோவுக்கு இவ்வளவுன்னு கூலி, அதுக்கு மேல அவன் லிங்க்குல வந்தவங்க தோக்குறதுல பங்கு. நீங்க தோத்தாத்தான் அவனுக்குச் சாப்பாடு!”

அத்தான் என்னையே பார்த்தார். மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

“அவன் பொய் சொன்னான், சரி. அவனை நான் முழுசா நம்பலை. உங்க தளத்துல போய்ப் பாத்தேன். நம்பகமானது, அஞ்சு நட்சத்திரம்னு போட்டிருந்துச்சு. கீழ உன் பேரு. நம்ம குட்டி எழுதியிருக்கா, அவ பொய் எழுத மாட்டான்னுதான் கேசினோ அட்ரஸை நானே அடிச்சு உள்ள போனேன்.”



“யாருக்கு மூணு லட்சம் போச்சு?”

வாசலில் அக்கா. நர்ஸ் சீருடையில், கையில் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். காலை ஷிஃப்ட் முடிந்து வந்திருக்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. அத்தான் எழுந்தார், உட்கார்ந்தார், தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அக்கா அவர் பக்கத்தில் போகவில்லை. அவர் கையிலிருந்த பேங்க் கார்டை மட்டும் உருவிச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“முதல்ல அதை மூடு,” என்றாள் என்னிடம்.

கணக்கை நிரந்தரமாக மூடச் சொல்கிற பட்டனைத் தேடினேன். பணம் போடுகிற பட்டன் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாக மின்னுகிறது. இது எங்கேயோ ஏழாவது பக்கத்தின் அடியில், சாம்பல் நிற எழுத்தில். கண்டுபிடிக்கப் பதினொரு நிமிஷம் ஆனது. ‘ஆட்டக்காரர்களின் பாதுகாப்பு: மிக நன்று’ என்று என் விமர்சனத்தில் எழுதியிருந்தேன். இந்தப் பட்டனை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். அத்தான் அதை அழுத்தினார். இன்னும் ஒன்பது கேசினோக்கள் எங்கள் பட்டியலில் இருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் நான் விமர்சனம் எழுதியிருக்கிறேன்.

அக்கா எதிரில் உட்கார்ந்தாள்.

“இவர் தோத்தது உனக்கு எப்படித் தெரியும்?”

என் விமர்சனப் பக்கத்தைத் திறந்து காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். லிங்க், அந்த ஞாயிற்றுக்கிழமை, ரகசிய விண்டோ, திரையில் வந்த பெயர், நூற்றுக்கு நாற்பது. ஆஸ்பத்திரியில் நோயாளி சொல்வதைக் கேட்கிற மாதிரி குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

“அந்த நாப்பதுல உனக்கு எவ்வளவு?”

“அக்கா...”

“எவ்வளவுடி?”

“போன மாசம் நாலாயிரம். அது இதுலேர்ந்து வந்ததுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. மொத்தமா வரும், நான் பிரிச்சுப் பாக்கல.”

நாலாயிரம் என்றதும் அவள் கண் தன் மணிக்கட்டுக்குப் போனது. போன மாதம் அவள் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம். பழையதில் நொடிமுள் நின்றுவிட்டது, நாடி பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னாளே என்று, அந்தப் பங்குப் பணம் வந்த அன்றே ஓடிப் போய் வாங்கினேன். விலைச்சீட்டை எடுக்க மறந்து அப்படியே கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் சிரித்தோம். நாலாயிரம்.

அக்கா அதைக் கழற்றினாள். வீசவில்லை, கத்தவில்லை. திறந்திருந்த லேப்டாப்பின் மேல், என் பெயர் போட்ட அந்தப் பக்கத்துக்கு முன்னால், பத்திரமாக வைத்தாள்.

“இதையும் எழுதிரு,” என்றாள். “இதுக்கு எத்தனை நட்சத்திரம் போடுவ?”