எட்டாவது பைட்

மதியம் சிறுநீரக வார்டு டாக்டர் போன் செய்தார்.

"உங்க மெஷின் பொட்டாசியம் 4.1னு காட்டுச்சு. நம்பி ஒரு அம்மாவை வீட்டுக்கு அனுப்பினேன். இப்ப ஐசியூல கிடக்கறாங்க."

ரத்தப் பரிசோதனைக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகம் எங்களுடையது. மூன்று நாள் முன்புதான் எல்லாக் கருவிகளுக்கும் புதிய பதிப்பு அனுப்பியிருந்தோம். அன்றிலிருந்து வந்த முடிவுகளைப் பார்த்தேன். 4.1, 4.2, 4.0, 4.1. எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி ரத்தம் ஓடாது. அந்த எண் பொட்டாசியமே இல்லை, கருவியின் குளிர்பெட்டி வெப்பநிலை.

அந்தத் தகவலைப் புதிதாகச் சேர்த்தவன் நான். எல்லா நிரல்களும் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் நூலகத்தின் தரவு அமைப்பில், நோயாளியின் அடையாள எண்ணுக்கும் பொட்டாசியத்துக்கும் நடுவே வைத்தேன். பார்க்க ஒழுங்காக இருந்தது. எட்டாவது பைட்டில், அதாவது நினைவகத்தின் எட்டாவது கட்டத்தில், இருந்த பொட்டாசியம் பதினாறாவதுக்குத் தள்ளிப்போய், அதன் இடத்தில் வெப்பநிலை உட்கார்ந்தது. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பழைய தலைப்புக் கோப்பை வைத்துக் கம்பைல் செய்த, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றிய, நிரலில் 'எட்டாவது' என்பது எண்ணாகவே பதிந்திருக்கும். மறுபடி கம்பைல் செய்தால்தான் மாறும். நூலகத்தின் பதிப்பு எண்ணை உயர்த்தியிருந்தால் பழைய நிரல் துவங்கவே மறுத்திருக்கும். அதையும் நான் செய்யவில்லை.

ரிப்போர்ட் அச்சிடும் பகுதி என் மனைவி எழுதியது. அவள் இறந்து எட்டு மாதம்.

பக்கத்து மேசைக்காரன் தரையைப் பார்த்தான். "மத்த எல்லாத்தையும் புதுசா கம்பைல் பண்ணிட்டோம்ணா. அண்ணியோட ஃபோல்டரை மட்டும் தொடல."

"ஏன்?"

"உங்களைக் கேக்காம எப்படித் தொடறது?"

"கேட்டிருக்கலாமே."

"எப்படிண்ணா கேக்கறது?"

எட்டு மாதமாக எல்லோரும் என்னிடம் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள்.

அவள் நிரலில் ஓர் எழுத்தும் மாற்றாமல் கம்பைல் செய்தேன். கருவியில் சேமித்திருந்த அந்த அம்மாவின் தரவைக் கொடுத்தேன். 6.9 என்று வந்தது; இதயத்தையே நிறுத்தக்கூடிய அளவு.

மேலாளர் அறிக்கையோடு வந்தார். 'காரணம்: முன்னாள் ஊழியரின் பகுதியில் பிழை.'

"கையெழுத்துப் போடுப்பா."

"அவ பகுதில பிழை இல்ல சார்."

"தெரியும். போனவங்களை யார் கூப்பிட்டுக் கேள்வி கேக்கப் போறாங்க? இருக்கறவன் பொழைக்க வேணாமா?"

"கடைசில சேர்த்திருந்தா பொட்டாசியம் பழைய இடத்துலயே இருந்திருக்கும். நடுவுல செருகினது நான்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எட்டு மாசமா எல்லாரும் அதைத்தான் பண்றீங்க."

அவள் பகுதியைக் குற்றம் சொன்ன வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். மேலாளர் தாளை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனார்.

டாக்டரைக் கூப்பிட்டேன். "மூணு நாள் ரிப்போர்ட் எதையும் நம்பாதீங்க. எல்லாருக்கும் மறுபடி ரத்தம் எடுங்க. தப்பு என்னோடது."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தம்மாவோட வீட்டுக்காரர் இங்கதான் நிக்கறார். என்ன ஆச்சுன்னு கேட்டுட்டே இருக்கார். நான் என்ன சொல்லட்டும்?"

"போனை அவர்கிட்ட குடுங்க" என்றேன்.