ஜாமீன் கையெழுத்து

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் சேர்ந்த மகள், முதல் சம்பளம் வந்த அன்று மதியம் அம்மாவின் கடிதத்தைப் பிரித்தாள்.

"சம்பளம் வந்ததும் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் செலவு செய். சம்பளம் ஏறினால் பங்கையும் ஏற்று. தொடாமல் விட்டால் வட்டிக்கு வட்டி சேரும். யாருக்கும் ஜாமீன் மட்டும் நிற்காதே. உன் அப்பா நின்றுதான் நம் வீடு போனது."

அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். வேலை உத்தரவு வந்த வாரமே அண்ணனின் கடைக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாள். முதல் தவணையே கட்டாமல் அவன் கடையை மூடிவிட்டான். இப்போது வங்கி அவளிடம் கேட்கிறது. தவணை கட்டியது போக ஐந்து வருஷத்துக்கு பஸ் காசுதான் மிஞ்சும்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"லெட்டர் படிச்சியா? பங்கை எடுத்து வச்சியா?"

"வச்சுட்டேம்மா."

"சமத்து. உங்க அண்ணனுக்கும் கொஞ்சம் புத்தி சொல்லு."