ஐம்பத்தொன்பதாயிரத்துக்குள் இருந்த வரி

அந்தக் கடையை இப்போது நினைத்தாலும் புது லேப்டாப் பெட்டியைப் பிரிக்கும்போது வரும் வாசனைதான் முதலில் மூக்குக்கு வருகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு கண்ணாடி மேசை, இரண்டு சுழல் நாற்காலி, அதில் ஒன்று சுழலாது. நானும் மச்சானும் சேர்ந்து போட்ட கடை. மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். வாயால் வியாபாரம் செய்வது அவர் வேலை, பில் எழுதுவதும் கணக்கும் என் வேலை. நான் பி.காம். அவருக்குக் கணக்கு என்றாலே ஆகாது. கால்குலேட்டரைக் கூட ஏதோ கடிக்கிற பிராணியைத் தொடுவதுபோலத்தான் தொடுவார்.

எங்களுக்குள் ஒப்பந்தம் ஒன்றே ஒன்று. ஒரு லேப்டாப் எங்களுக்கு வரி நீங்கலாக நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறுக்கு வரும். அதை வரி நீங்கலாக ஐம்பதாயிரத்துக்குக் குறைந்து விற்கக் கூடாது. ஜி.எஸ்.டி. பதினெட்டு சதவீதம் அதற்கு மேலே. வருகிறவர்கள் "எல்லாம் சேர்த்து எவ்வளவுங்க?" என்றுதான் கேட்பார்கள், மச்சானும் சட்டென்று "அம்பத்தொம்பதாயிரம், அதுக்கு மேல ஒரு பைசா இல்ல" என்பார். பணம் வந்ததும் நான் பில் புத்தகத்தை எடுத்து அந்த மொத்தத்தை விலை, வரி என்று இரண்டாகப் பிரித்து எழுதுவேன்.

அடடா, என்ன மிடுக்காக எழுதுவேன் தெரியுமா! அந்த மிடுக்குக்குத்தான் இன்னும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

முதல் மாதம் பத்து லேப்டாப் போயிற்று. ஆளுக்கொரு டீ சொல்லிவிட்டு மாதக் கணக்கைப் போட உட்கார்ந்தேன். போட்டேன், அடித்தேன், மறுபடி போட்டேன். லாபம் பதினைந்தாயிரம் வந்திருக்க வேண்டும். வந்ததோ நஷ்டம். ஒவ்வொரு லேப்டாப்புக்கும் நூற்றிருபது ரூபாய் கையிலிருந்து போயிருந்தது. பில்லில் என் கையெழுத்திலேயே இருந்தது: விலை 48,380, வரி 10,620, மொத்தம் 59,000.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மச்சானுக்கு ஊரெல்லாம் சிநேகிதர்கள். அந்தப் பத்து பேரில் ஆறு பேர் அவருக்குத் தெரிந்தவர்கள்.

"மச்சான், அம்பதாயிரத்துக்குக் கீழ விக்கக் கூடாதுன்னு பேசினோமா இல்லையா?"

"அம்பதாயிரம்தான்ப்பா. அதோட பதினெட்டு பர்சென்ட் கூட்டித்தான் சொன்னேன்."

"கூட்டினா எப்படிக் குறையும்? அம்பத்தொம்பதாயிரத்துக்குப் பதினெட்டு பர்சென்ட் நீங்களே போட்டுப் பாருங்க."

கால்குலேட்டரை அவர் பக்கம் தள்ளினேன். ஒற்றை விரலால் தட்டினார். 10,620. அவர் முகம் செத்துப்போனது.

"எங்கயோ தப்பாத் தட்டியிருக்கேன் போல..." என்றார்.

அங்கேயாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். நமக்குத்தான் நாக்கில் சனியாயிற்றே! "தட்டினது தப்பா, இல்ல சிநேகிதங்ககிட்ட குறைச்சுக் குடுத்துட்டு வெளியில கமிஷன் வாங்கினீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அக்காவின் கணவரிடம், என்னைவிடப் பதினோரு வயது மூத்தவரிடம். அவர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

மறுநாள் கடைக்கு வந்ததும் ஒரு கவரை மேசையில் வைத்தார். பதினாறாயிரத்து இருநூறு. லேப்டாப்புக்கு ஆயிரத்து அறுநூற்றிருபது, பத்துக்கும் சேர்த்து. "என் தப்புதானே மாப்ளே, வெச்சுக்கோ" என்றார். வெட்கங்கெட்ட நான் எண்ணிப் பெட்டியில் போட்டேன். ஏது இந்தப் பணம் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு கடையில் பேச்சு நின்றுபோனது. முன்பெல்லாம் ஆள் வராத நேரத்தில் அந்தச் சுழலாத நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என் கல்யாணப் பேச்சை எடுத்து என்னை வறுத்தெடுப்பார். இப்போது யாராவது விலை கேட்டால் "அவரைக் கேளுங்க" என்று என்னைக் காட்டினார். 'அவரை'! நான்காம் நாள் அக்கா போன் செய்தாள்.

"ஏன்டா, என்னடா ஆச்சு உங்களுக்குள்ள? கடை உனக்கே இருக்கட்டும், வெளியூர்ல வேலை இருக்குன்னு கிளம்பறாரு. திங்கக்கிழமை போறாராம். கேட்டா, நான் இருந்தா கடை மூழ்கிடும்ங்கறாரு."

"போனாப் போகட்டும்" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். 

சனிக்கிழமை காலை, பக்கத்தில் ட்யூஷன் சென்டர் நடத்தும் டீச்சர் வந்தார். அந்தப் பத்தில் ஒரு லேப்டாப் வாங்கியவர். எப்போதும் சிரித்துப் பேசுகிறவர் அன்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

"இந்த பில்லு செல்லாதுன்னு எங்க ஆடிட்டர் திருப்பி அனுப்பிட்டாருங்க. நாப்பத்தெட்டாயிரத்து முன்னூத்தி எண்பதுக்குப் பதினெட்டு பர்சென்ட் எவ்வளவுன்னு உங்களையே போடச் சொன்னாரு."

"அதுக்கென்ன, போட்டாப் போச்சு" என்று அலட்சியமாகத் தட்டினேன். 8,708 ரூபாய் நாற்பது காசு. பில்லில் இருந்ததோ 10,620. மறுபடி தட்டினேன். அதே 8,708.40. 

கூட்டினால் மொத்தம் சரியாக வருகிறதா என்று மட்டும் பார்த்திருந்தேனே தவிர, அந்த விலைக்கு அந்த வரி சரியா என்று ஒருநாளும் பார்க்கவில்லை. பதினெட்டு சதவீதம் என்பது விலைக்குத்தான். நானோ வரியும் சேர்ந்த மொத்தத்துக்குப் போட்டு, வரிக்கும் வரி போட்டிருந்தேன். விலை நூறு பங்கு என்றால் வரி பதினெட்டு பங்கு, மொத்தம் நூற்றுப் பதினெட்டு பங்கு. ஐம்பத்தொன்பதாயிரத்தை 118-ஆல் வகுத்தேன். ஐந்நூறு. நூறு பங்கு, ஐம்பதாயிரம். பதினெட்டு பங்கு, ஒன்பதாயிரம். ஒரு காசு மிச்சமில்லை. மச்சான் சொன்ன அதே ஐம்பதாயிரம்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர், தப்பு என்னுது. இதை ரத்து பண்ணிட்டு வேற பில் தர்றேன்" என்றேன். அந்த மாதத்து ஜி.எஸ்.டி. கணக்கை இன்னும் தாக்கல் செய்யவில்லை. பத்து பில்லையும் திருத்திவிடலாம். பில்லைத் திருத்திவிடலாம், சரி. மச்சான் தந்த பணத்தைத் திரும்பக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

மச்சான் கூடத்தில் தரையில் உட்கார்ந்து பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பில்லின் பின்பக்கத்தில் அந்த வகுத்தலைப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"அப்போ நான் சொன்ன விலை சரிதானா?"

"சரிதான் மச்சான்."

"அம்பதாயிரம் வந்துச்சா?"

"அப்படியே வந்துச்சு. நான்தான் பிரிக்கத் தெரியாமப் பிரிச்சுட்டேன். உங்களைப் போய் நான்..."

மீதியைச் சொல்லாமல் பணக் கவரை அவர் பக்கம் நகர்த்தினேன். அக்கா சமையலறை வாசலில் நின்றாள். "இப்போ குடுத்து என்னடா பண்றது? இந்தப் பணத்துக்காக அவரோட வண்டியையே வித்துட்டாரு" என்றாள்.

"சும்மா இருடி" என்று அவளை அதட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாவது இருக்கும் என்று நினைத்தேன், அதுகூட இல்லை.

"கமிஷன் வாங்கலன்னு எனக்குத் தெரியும் மாப்ளே. ஆனா நீ கணக்குல தப்பே பண்ண மாட்டியே. அதனால நான்தான் ஏதோ பண்ணியிருக்கேன்னு நினைச்சேன்."

அவர் சட்டைகள் மேலேயே கவிழ்ந்து அழுதேன்.