எட்டாவது இன்புட்

அன்று நான் என்ன சொன்னேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. "வேண்டாம்" என்று சொன்னதாகத்தான் பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சில நாட்களில் அந்த அறையை மனதில் மறுபடி கொண்டுவந்து பார்த்தால், நான் எதுவும் பேசாமல் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்ததாகவும் தெரிகிறது. இரண்டில் எது உண்மை என்று சொல்ல, அங்கே இருந்தவர்களில் யாரும் இப்போது என்னோடு பேசுவதில்லை.

அது என் அக்கா வீட்டுக்காரரின் அரிசி ஆலை. சின்னது. நெல்லைச் சுத்தம் செய்யும் சல்லடை, நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டர், உமியை உரிக்கும் ரப்பர் உருளை, உமியை ஊதித் தள்ளும் விசிறி, கடைசியில் அரிசியைத் தீட்டும் பாலிஷர். ஐந்து மோட்டார். நான் மோட்டார்களுக்கு பேனல், அதாவது சுவிட்ச் பெட்டி, கட்டுகிறவன். அத்தான் பழைய வேனை விற்று, அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், இதுக்குள்ள முடிக்கணும். இதுக்கு மேல என் சட்டையத்தான் விக்கணும்" என்றார்.

"அந்தச் சட்டைய யாரு வாங்குவா?" என்றாள் அக்கா.

அந்தப் பணத்துக்குக் கிடைத்தது, மோட்டார்களைத் தானாக ஓட்டி நிறுத்தும் ஒரு சின்ன கண்ட்ரோலர். எட்டு இன்புட், அதாவது எட்டு சேதி உள்ளே; ஆறு அவுட்புட், ஆறு கட்டளை வெளியே. கூடுதல் இன்புட்டுக்கு ஒரு பெட்டியைப் பக்கத்தில் சொருகலாம்தான். அதன் விலை கண்ட்ரோலர் விலையில் பாதி. ரிலே அவுட்புட் உள்ளதாக வாங்கினேன். மோட்டாருக்கு ஒன்றாக ஐந்து காண்டாக்டர் சுவிட்ச், ஒரு ஹாரன், ஆறும் தீர்ந்தது. ஒவ்வொரு காண்டாக்டர் காயிலுக்குக் குறுக்கேயும் மின்பொறியை அடக்கும் ஒரு சின்ன ஸ்னப்பர் போட்டேன், ரிலே முனை கருகிவிடாமல் இருக்க. அவசர நிறுத்த பட்டனை மட்டும் கண்ட்ரோலரை நம்பி விடவில்லை. அதை அமுக்கினால் எல்லாக் காயிலுக்கும் போகும் கரண்ட்டே அறுந்துவிடும்படி நேராக வயர் இழுத்தேன். இவற்றையெல்லாம் நான் சரியாகச் செய்தேன் என்று எழுதிக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

நெல் அளவு பார்க்கும் சென்சாருக்கு ஒளிக்கதிர் வகைதான் மலிவு. ஆனால் உமித் தூசி அதன் கண்ணை ஒரு மணி நேரத்தில் மூடிவிடும். நெல் கிட்டே வந்தாலே உணரும் கெபாசிட்டிவ் வகை வாங்கினேன். ஒரு கை நெல்லை எதிரே பிடித்து, அதன் பின்பக்கத் திருகை மெல்லத் திருப்பி உணர்வை அமைத்தேன். அதன் விளக்கு தூசிக்கு எரியக்கூடாது, நெல்லுக்கு எரிய வேண்டும்.

ஸ்டார்ட், ஸ்டாப், அவசர நிறுத்தத்தின் நிலை, உருளைக்கு மேலே உள்ள தொட்டியில் நெல் நிறைந்தது, அதே தொட்டியில் நெல் குறைந்தது, பாலிஷர் தொட்டி நிறைந்தது. இவை ஆறு. பாரம் மிஞ்சினால் விழுந்துவிடும் ஐந்து மோட்டாரின் ஓவர்லோடு ரிலேக்களையும் வரிசையாகக் கோர்த்து ஒரே இன்புட்டில் கொடுத்தேன். எது விழுந்தாலும் எல்லாம் நிற்கும். ஏழு. மிச்சம் ஒன்று.

அது எலிவேட்டருக்கு. பெல்ட்டில் கட்டிய வாளிகள் நெல்லை அள்ளி மேலே கொண்டுபோகும். அடியில் நெல் அடைத்துக்கொண்டால் பெல்ட் நின்றுவிடும். மேலே உள்ள சக்கரம் மட்டும் நின்ற பெல்ட்டின் மேல் வழுக்கிக்கொண்டு சுற்றும். அடிச்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரும்பு கிட்டே வந்தால் உணரும் ஒரு ப்ராக்சிமிட்டி சென்சார் வைத்தால், அது சுற்றுகிறதா என்று எண்ணிக்கொண்டே இருக்கும். நின்றால் எல்லாவற்றையும் நிறுத்தலாம்.

"அடைச்சா மோட்டார் திணறும்ல? ஓவர்லோடு விழாதா?" என்று கேட்டார் அத்தான்.

"விழலாம். வழுக்கினா விழாது, அத்தான். மோட்டாருக்கு அது பெரிய பாரமே இல்ல."

இதைச் சொன்னது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கலங்கலாக இருக்கிறது.

அத்தானுக்கு அந்த எட்டாவது இன்புட் வேறொன்றுக்கு வேண்டியிருந்தது. தன் தம்பிக்கு. ஆலையை ஓட்டுவது அவர்தான், நாங்கள் சின்னவர் என்போம். மூட்டை தூக்குகிறவர்கள் வைத்த பெயர் 'மெத்தை'. நாலு வருடம் முன்பு காய்ச்சலோடு வேலைக்கு வந்து தவிட்டு மூட்டை மேல் சாய்ந்தவர் கண்ணயர்ந்துவிட்டார். பாலிஷர் அடைத்து மோட்டார் கருகியது. ஒரு தடவைதான். ஆனால் பெயர் காய்ச்சலைப் போல் இறங்கவில்லை.

"ஒரு பட்டன் வை. லைட்டு மினுக்கினா இவன் வந்து அமுக்கணும். அமுக்கலேன்னா எண்ணிக்கோ. கரண்ட் போனாலும் அந்த எண்ணிக்கை அழியக்கூடாது" என்றார் அத்தான்.

சின்னவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "என்னைய மிஷினா மாத்துறதுக்கு எவ்வளவுண்ணே ஆகும்?"

"நீ மிஷினா இருந்திருந்தா இந்தப் பட்டனே தேவையில்லடா."

"சரி. அமுக்குறேன். ஒரு பருவம் முழுக்க ஒண்ணுகூட விடாம அமுக்கினா?"

"ஆலை லைசன்சுல உன் பேரும் ஏறும். அண்ணி சாட்சி."

அக்கா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "நான் சாட்சிக்குத்தான் இந்த வீட்டுக்கு வந்தேன் போல" என்றாள்.

அப்போது நான் "வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனோ என்னவோ. பட்டனை வைத்தேன். பத்து நிமிடம் என்று டைமர் எழுதினேன். அத்தான் அதை மூன்றாக்கச் சொன்னார். "பத்து நிமிஷத்துல இவன் ஒரு கனவே கண்டு முடிச்சிடுவான்." மூன்றாக்கினேன். அவுட்புட் மிச்சமில்லாததால் கண்ட்ரோலர் திரையின் விளக்கையே மினுக்க வைத்தேன்; அது மினுக்கியதும் இருபது நொடிக்குள் அமுக்க வேண்டும். தவறினால் ஹாரன் அடித்து எண்ணிக்கை ஒன்று ஏறும்.

ஆலை நன்றாக ஓடியது. நெல் குறைந்தால் உருளை தானாக நிற்கும். சல்லடை இன்னும் நெல்லை எலிவேட்டருக்கு அனுப்பும். தொட்டி நிறைந்தால் சல்லடை நிற்கும். உருளை மறுபடி சுற்றும். அத்தான் யார் வந்தாலும் பேனல் முன் நிறுத்தி விளக்குகளைக் காட்டினார். மாலையில் திரையில் எண்ணிக்கையைப் பார்ப்பார். பூஜ்யம். செருப்பை மாட்டிக்கொண்டு போவார்.

சின்னவர் முன்பெல்லாம் மணிக்கொரு தடவை எலிவேட்டர் ஏணியில் ஏறி மேல்மூடியைத் தொட்டுச் சூடு பார்த்துவிட்டு இறங்குவார். ஏறி இறங்க ஐந்து நிமிடம். இப்போது ஏறுவதில்லை. பேனல் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டார். சாப்பாட்டை ஒரு கையால் சாப்பிட்டார்.

"இடது கைய பட்டனுக்குன்னே விட்டுட்டேன் மாப்ளே. வேற எதுக்கும் அது வர மாட்டேங்குது" என்றார் என்னிடம்.

பருவம் முடியப் பதினோரு நாள் இருக்கும்போது, மதியம் மூன்று மணி வாக்கில் அது நடந்தது. ஈர நெல். அடியில் அடைத்துக்கொண்டது. பெல்ட் நின்றது. மேலே சக்கரம் ரப்பர் பெல்ட்டின் மேல் வழுக்கி உரசிக்கொண்டே சுற்றியது. ஓவர்லோடு விழவில்லை. தொட்டியில் நெல் குறைந்தது என்று சென்சார் சொன்னது. கண்ட்ரோலர் நான் சொல்லிக்கொடுத்தபடி உருளையை நிறுத்திவிட்டு இன்னும் நெல் கேட்டது. சல்லடை அனுப்பியது. அடைப்பு இறுகியது.

உருளை நிற்பது ஒரு நாளைக்குப் பத்து தடவை நடக்கிற சங்கதி. சின்னவர் காத்திருந்தார். பிறகு ரப்பர் கருகும் வாசனை வந்தது. தேய்ந்த உருளையும் அப்படித்தான் நாறும். ஆனால் உருளைதான் நிற்கிறதே என்று அவருக்குப் பட்டிருக்கிறது. எழுந்தார். விளக்கு மினுக்க இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது.

"ஏறினா லைட்டுக்குள்ள திரும்பி வர முடியாது மாப்ளே" என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார். "பதினோரு நாள்தான். ஸ்டாப்ப அமுக்கக்கூடத் தோணல. நின்னேன். லைட்டு வந்துச்சு. அமுக்கினேன். அப்புறம் ஓடினேன்."

அவர் ஏணி உச்சியில் மேல்மூடியைத் திறந்தபோது, உள்ளே புகைந்துகொண்டிருந்ததற்குக் காற்று கிடைத்தது. தீ வெளியே பாய்ந்தது. அதைப் பார்த்த மூட்டைக்காரர் ஒருவர் ஓடிப்போய் அவசர நிறுத்தத்தை அமுக்க, எல்லாம் நின்றது, டைமரும். இரண்டு கைகளும் வெந்தன. எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை. எரிந்த பெல்ட் அறுந்து குழாய்க்குள் விழுந்து, அடியில் தூசியைப் பற்றவைக்க, தீ உமி அறைக்குப் போனது. சாயங்காலத்துக்குள் சுவர்கள் மட்டும் நின்றன. பேனல் அறை கல் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததால் தப்பியது.

மறுநாள் அத்தான் அங்கே நின்று, "தூங்கியிருப்பான்" என்றார்.

நான் கண்ட்ரோலருக்குத் தனியாக மின்சாரம் கொடுத்துத் திரையைக் காட்டினேன். பூஜ்யம்.

"ஏதாவது குச்சிய சொருகி அமுக்கியே வச்சிருப்பான்."

"முடியாது, அத்தான். ஒவ்வொரு தடவையும் விட்டுட்டு அமுக்கினாத்தான் எடுத்துக்கும். அமுக்கியே வச்சா தவறினதாத்தான் எண்ணும். நீங்கதான் அப்படிக் கேட்டீங்க."

அவர் அந்தப் பூஜ்யத்தை வெகுநேரம் பார்த்தார். அக்கா கரிபடிந்த வாசலில் நின்றபடி, "அப்ப இத்தனை நாளும் அவரு முழிச்சுத்தான் இருந்திருக்காரு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் சின்னவர், கைகளில் கட்டோடு, முதலில் கேட்டது, "எத்தனை காட்டுது?"

"பூஜ்யம்."

"அண்ணன் பாத்தாரா?"

"பாத்தாரு."

சரி என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எல்லோரும் அந்தப் பட்டனைத்தான் குறை சொன்னார்கள். ஒரு இன்புட் போதாமல் போய்விட்டது, பணம் போதாமல் போய்விட்டது என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் மூன்றாம் நாள், வீட்டில் அந்த நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. எலிவேட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது, சல்லடை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, தொட்டி மட்டும் ஐந்து நிமிடமாக நிறையவே இல்லை. அப்படியென்றால் நெல் மேலே போகவில்லை. இதைக் கண்ட்ரோலர் தனக்கு இருந்த ஏழு இன்புட்டிலிருந்தே அறிந்துகொண்டிருக்க முடியும். ஒரு டைமர். நாலு வரி. புது சென்சார் வேண்டாம், வயர் வேண்டாம், ஒரு காசு செலவில்லை. அந்த நாலு வரி எனக்குத் தோன்றவில்லை. தம்பி தூங்குகிறாரா என்று பார்க்கும் வரிகளை மட்டும் பிசகில்லாமல் எழுதியிருந்தேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அத்தான் அந்த வருடம் லைசன்சில் தம்பி பெயரைச் சேர்த்தார். அடுத்த வருடம் அது காலாவதியானது. இடத்தை விற்றுவிட்டார், அங்கே இப்போது டைல்ஸ் கடை இருக்கிறது. அவர் வேறொருவரின் ஆலையில் எடை போடுகிறார். அக்கா தையல் வேலை பார்த்து வீட்டை நடத்துகிறாள்; என் போனை எடுப்பதில்லை. சின்னவருக்கு வலது கை விரல்கள் மடங்குவதில்லை, இடது கையில் இரண்டு மடங்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு உட்காருகிறார். மூட்டை தூக்கியவர்கள் வேறு ஆலைகளுக்குப் போய்விட்டார்கள். நான் இன்னும் பேனல் கட்டுகிறேன். கண்ட்ரோலர் என்னிடம்தான் இருக்கிறது. எண்ணிக்கையை அழிக்கவில்லை.